நி.பி. 104

உவர்மலையில் அந்த வீட்டுக் குசினி மேசை நாலு பேர் சாப்பிட மட்டுமட்டாகப் போதும், இரண்டு பேர் படிக்கப் போதாது. ஒரு பக்கம் சுமதியின் நிதிப் பிரமாணம், தாபனக்கோவை, பழைய வினாத்தாள்கள். மற்றப் பக்கம் நிரோஜனின் சாதாரண தரக் கணிதம், வரலாறு, கொம்பாசுப் பெட்டி. நடுவில் பிளாஸ்க். அறையில் மேசை போட இடமில்லை, விறாந்தையில் நுளம்பு, ஆகவே இருவருக்கும் குசினிதான்.

அன்றைக்கு அவன் டியூசனால் பிந்தித்தான் வந்தான். கோட்டைப் பக்கம் மான் கூட்டம் றோட்டை மறித்துக்கொண்டு நின்றதாம். இந்த ஊரில் அது உண்மையாகவும் இருக்கலாம், சாட்டாகவும் இருக்கலாம், அதனால் சுமதி ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் தலைக்குள் வேறு வேலை. தடைதாண்டல் பரீட்சை நெருங்கிவிட்டது, அலுவலகத்தில் பத்து வருடமாகக் கடிதம் கோவைப்படுத்துகிற கைக்கு அதைப் பற்றிக் கட்டுரை மாதிரி எழுத வரவில்லை.

"அம்மா, சத்தம் போட்டுப் படிக்காதீங்கோ."

"நீ வரலாறு கத்தேக்க நான் ஏதும் சொன்னனா? ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொண்டு டொனமூர், சர்வசன வாக்குரிமை எண்டு எனக்கே பாடமாகிட்டுது."

அவன் சிரிக்கவில்லை. கவராயத்தால் வில் வரைந்துகொண்டிருந்தான், மேசை ஆடினால் எல்லாம் போச்சு. அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள், முழங்கை பிளேன்ரிக் கோப்பையில் பட்டது, கோப்பை சாய்ந்தது, தேத்தண்ணி நேராக மடக்கை அட்டவணைக்குள் போனது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் துணியைத் தேடினார்கள். துடைக்கத் துடைக்கத் தாள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. கணிதப் பரீட்சைக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது, அந்த அட்டவணைதான் எல்லாம். கோபம் வந்தால் நிரோஜன் கத்தமாட்டான், எழுதுவான். கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, இழப்புகளைப் பற்றி அம்மா பாடமாக்குகிற நிதிப் பிரமாணத்தின் பாணியில் எழுதத் தொடங்கினான்.

"நி.பி. 104(3). பூர்வாங்க அறிக்கை. இழப்பு: மடக்கை அட்டவணை ஒன்று. காரணம்: தேநீர். பொறுப்பான அலுவலர்: அம்மா. அறவிடும் முறை: கொத்துரொட்டி ஒன்று, சம்பளத்தில் கழிக்கவும்."

சுமதி வாங்கிப் பார்த்தாள். "உனக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு கிழமையா இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறன்."

"இது பிழை. உன்ரை பொருள் போயிருக்கு, நீயே விசாரிச்சு நீயே தண்டம் போடேலாது. சம்பந்தப்படாத ஒராள்தான் விசாரிக்கோணும்."

"அப்ப அப்பாவைக் கூப்பிடுவமே?"

"அவர் நைற் டியூட்டி. சரி, சொல்லு, பூர்வாங்க அறிக்கை எத்தனை நாளுக்குள்ளை?"

"பரீட்சை உங்களுக்கம்மா. நீங்கதான் சொல்லோணும்."

"ஏழு நாள். முழு அறிக்கை 104(4), இழப்பு நடந்த திகதியிலையிருந்து மூண்டு மாதம்." சொல்லி முடித்த பிறகுதான் தட்டுத் தடுமாறாமல் சொன்னது அவளுக்கே தெரிந்தது. போன தடவை மண்டபத்தில் இதே கேள்விக்கு முன்னால்தான் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

நிரோஜன் ஒட்டிய தாள்களைக் கரண்டிக் காம்பால் பிரித்துப் பார்த்தான். 6.0 வரி கிழிந்தே போயிருந்தது. "இப்ப ஆறின்ரை மடக்கைக்கு எங்கை போறது?"

"இரண்டுக்கு 0.3010. மூண்டுக்கு 0.4771. கூட்டு."

அவன் கூட்டினான். 0.7781. கணக்கைக் கொண்டுபோய்ப் பின்பக்க விடையோடு ஒப்பிட்டான், சரியாக வந்தது. அம்மாவை ஒருமாதிரிப் பார்த்தான்.

"சாதாரண தரத்திலை கணக்குக்கு ஏ எடுத்தனான். இப்பதான் இந்தத் தடைதாண்டல் நாசமாப் போனது."

"நாசமாப் போனதெண்டா?"

அவள் மேசையைத் துடைத்தாள். "போன முறை பெயில். அதுதான் சம்பள ஏற்றம் நிக்குது. நீ உன்ரை கொத்தைச் சம்பளத்திலை கழிக்கச் சொல்லுறாய், அதிலை கழிக்க என்ன கிடக்கு?"

கணிதத்தில் தவணைப் பரீட்சைக்கு 42 வாங்கினதுக்கு அவள் ஒரு பின்னேரம் முழுக்க ஏசினது அவனுக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். வாயைத் திறந்தான், மூடினான். கவராயத்தை ஒதுக்கிவிட்டுத் தாபனக்கோவையைத் தன் பக்கம் இழுத்தான்.

"லீவு அத்தியாயத்திலையிருந்து கேக்கட்டா? பிழையாச் சொன்னா ஒரு பிழைக்கு ஒரு கொத்து."

"அரைக் கொத்து."

"முட்டைக் கொத்து."

"மரக்கறி," என்றாள் சுமதி, "கேள்."