தமிழகச் சமயங்கள் பேப்பர்: இந்த செமஸ்டர் பத்தி என் குறிப்பு

இந்த பேப்பர் எலெக்டிவ்ங்கறதால எல்லா டிபார்ட்மெண்ட்லேர்ந்தும் பசங்க வர்றாங்க. நெத்தி நிறைய விபூதியோட வர்ற காமர்ஸ் பையன், ஞாயித்துக்கிழமை பெந்தெகொஸ்தே சபையில பாடுற பொண்ணு, தவ்ஹீத் குடும்பத்துப் பையன், தாத்தா காலத்துலேர்ந்தே நாங்க கருப்புச் சட்டைன்னு பெருமையா சொல்ற பொண்ணு, அப்புறம் இதெல்லாம் யோசிச்சதே இல்ல சார்ங்கற நாலஞ்சு பேரு. இவங்கள ஒரே ரூம்ல வெச்சு மதம் பத்திப் பேசணும், ஆனா மதபோதனை பண்ணக்கூடாது. அரசியலமைப்புச் சட்டம் 28வது பிரிவு அதுல தெளிவா இருக்கு, நானும் அதுல உறுதியா இருக்கேன்.

"எல்லா மதமும் ஒண்ணத்தான் சொல்லுது"ங்கற வரிய கிளாஸ்ல யாரும் சொல்லக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுவேன். நல்ல மனசோட சொல்றதுதான், ஆனா அத சொன்ன உடனே எதிர்ல இருக்கறவன் என்ன நம்புறான்னு கேக்க வேண்டிய வேலையே இல்லாம போயிடுது. கர்மவினை, மறுபிறவின்னு நம்புறவங்களும் உயிர்த்தெழுதல நம்புறவங்களும் செத்தா அவ்ளோதான்னு சொல்றவங்களும் ஒண்ணையா சொல்றாங்க? இல்லவே இல்ல. அந்த வித்தியாசத்த மரியாதையா பேசத் தெரியணும், பேப்பரே அதுக்குத்தான்.

இதுக்கு எனக்கு ரொம்ப கைகொடுக்கறது மணிமேகலையோட 27வது காதை. வஞ்சி நகரத்துல மணிமேகலை வேஷம் மாறிப் போய் அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க கொள்கைய கேக்கறா, கடைசில பூதவாதி. கடவுள், மறுபிறப்பு எதுவும் ஏத்துக்காத ஆளும் அந்த வரிசைல ஒரு வாதியா நிக்கறான் பாருங்க, நம்பிக்கை இல்லாதவங்கன்னு ஓரமா ஒதுக்கல. தாதகிப்பூவையும் வெல்லக்கட்டியையும் சேத்தா போதை பிறக்கற மாதிரி நிலம், நீர், நெருப்பு மாதிரி பூதங்கள் சேந்தா உணர்வு பிறக்குதுன்னு அவன் சொல்ற இடம் வந்ததும் ஒரு கெமிஸ்ட்ரி பையன் நிமிந்து உக்காந்துட்டான். சார் இது ஃபெர்மெண்டேஷன், எங்க பாட்டிக்கு வாங்கற அரிஷ்டத்துலயும் இந்தப் பூ போடுவாங்கன்னு அவனே எடுத்துக் குடுத்தான். ஆனா மணிமேகலை பூதவாதியப் பாத்து சிரிக்கறா. அவன மட்டும் ஏன் சார் சிரிச்சு அனுப்பறாங்கன்னு கருப்புச் சட்டை வீட்டுப் பொண்ணு கேட்டா, நியாயமான கேள்வி. சாத்தனார் எழுதினது பௌத்தக் காப்பியம், அவருக்கு ஒரு சார்பு இருக்கு, அப்படி இருந்தும் எதிராளிய அவன் வாயாலயே பேச விடறாரே, அதையும் சேத்துப் பாருன்னு சொன்னேன். அந்த பீரியட் முழுக்க இதுலயே போச்சு, போகட்டும்னு விட்டுட்டேன்.

அசைன்மெண்ட்டும் இதே வழிதான். தனக்கு ஒப்புதல் இல்லாத ஒரு நிலைப்பாட்ட ஒரு பக்கம் எழுதணும், அத நம்புற ஒருத்தர் படிச்சுட்டு "ஆமா, நாங்க சொல்றது இதான்"னு ஒத்துக்கணும். விபூதிப் பையன் பூதவாதிய எடுத்துக்கிட்டான், கருப்புச் சட்டை வீட்டுப் பொண்ணு படிச்சுட்டு ரெண்டு தடவ திருப்பி அனுப்பினா, மூணாவதுதான் ஓகே ஆச்சு. படிச்சுப் பாக்க தானா முன்வர்றவங்ககிட்ட மட்டும்தான் குடுப்பேன். நீ முஸ்லிம்தானே, நீ சொல்லுன்னு ஒருத்தர எழுப்பி விடறது எனக்குப் பிடிக்காது, பத்தொம்போது வயசுப் பையன் தோள்ல ஒரு மதத்தயே தூக்கி வெக்கறது அநியாயம்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு நாள் கூட்டிட்டுப் போனப்ப இது இன்னும் தெளிவாச்சு. சிக்கல் சிங்காரவேலர் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி எல்லாம் பக்கத்து பக்கத்துலயே இருக்கு. நாகூர்ல தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங் கட்டிக்குடுத்த பெரிய மினாராவ எல்லாரும் அண்ணாந்து பாத்துட்டு நிக்கறப்ப, தவ்ஹீத் வீட்டுப் பையன், நான் வெளியவே இருக்கேன் சார், அடக்கத்தலத்துல போய் வேண்டுறது எங்களுக்கு ஒப்புதல் இல்லன்னான். முஸ்லிம்னா நாகூர்தானேன்னு நினைச்சிட்டிருந்தவங்களுக்கு ஆச்சரியம். வேளாங்கண்ணில அந்த சபைப் பொண்ணு, மாதாகிட்ட நாங்க ஜெபம் பண்ண மாட்டோம்னா. அங்க சீர்காழிக்காரி ஒருத்தி, எங்க அம்மா வருஷா வருஷம் மூணு இடத்துக்குமே நேந்துக்கிட்டு வருவாங்கன்னு சொன்னா. யாரும் யாரையும் திருத்தப் போகல. திரும்பி வர்ற பஸ்ல கேள்வி மேல கேள்வி, அதுல பாதிக்கு என்னைய யாரும் கேக்கவே இல்ல, அவங்களுக்குள்ளயே பதில் சொல்லிக்கிட்டாங்க.

சார் நீங்க சாமி கும்பிடுவீங்களான்னு ஒவ்வொரு பேட்ச்லயும் கேக்கறாங்க. இன்டர்னல் மார்க் போட்டு முடிச்சப்புறம் சொல்றேன்னு சொல்லி, அப்புறம் மறைக்காம சொல்லிடுவேன். முன்னாடியே சொன்னா எனக்குப் பிடிக்கும்னு எழுதுவாங்க, அது யாருக்கும் உபயோகமில்ல.

அடுத்த தடவ ஆசீவகத்துக்கு ரெண்டு பீரியட் கூட வேணும். ஊர்த் தெய்வங்கள், காவல் தெய்வங்களுக்கு சிலபஸ்ல ஒரு யூனிட் தனியா குடுக்கணும்னு போர்டு மீட்டிங்ல கேக்கப் போறேன், ஏன்னா பாதிப் பசங்க வீட்டுல நிஜமா கும்பிடற சாமி அதுதான், பாடத்துல அது ஒரு பாராவோட முடிஞ்சிடுது.