செமஸ்டர் ஒப்படைக்குக் கால நீடிப்புக் கோரல் (அப்பாவின் மரணம், ஆவணங்கள் இணைப்பில்)

மதிப்பிற்குரிய சேர்,

வணக்கம். நான் மூன்றாம் வருடம் வரலாறு படிக்கும் ச. மேகலா. எங்கள் அப்பா மார்ச் 4ஆம் திகதி காலையில் காலமாகிவிட்டார். முதல் நாள் இரவே நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், பேராதனையிலிருந்து நான் ஹட்டன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே தம்பி அழைத்துச் சொல்லிவிட்டான். 17ஆம் திகதி ஒப்படைக்க வேண்டிய கட்டுரையை என்னால் அன்றைக்குத் தர முடியாது சேர். மார்ச் 31 வரை, அதாவது 14 நாட்கள், நீடித்துத் தரும்படி கேட்கிறேன்.

நேற்றுத்தான் எட்டாம் நாள் காரியம் முடிந்தது. கருமாதி 19ஆம் திகதி. தம்பிதான் கொள்ளி வைத்தான், ஆனால் அவன் இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிற பிள்ளை. தோட்ட ஆபீஸ், பதிவாளர் கந்தோர், அப்பாவின் ஈ.பி.எஃப். விண்ணப்பம் என்று எல்லாவற்றுக்கும் அம்மாவோடு நான்தான் ஓட வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குச் சிங்களத்தில் படிவம் நிரப்பத் தெரியாது, இதுவரை அதையெல்லாம் அப்பாதான் பார்த்துக்கொண்டார்.

மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், தோட்ட ஆபீஸ் கொடுத்த கடிதம், என்னுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரம் ஆகிய நான்கையும் இணைத்திருக்கிறேன். இவற்றைப் பார்க்கும்போது ஒரு விஷயம் உங்களுக்கு இடறலாம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். என் பிறப்பத்தாட்சியில் அப்பாவின் பெயர் சண்முகம். மரணப் பத்திரத்தில் சன்முகன் என்று இருக்கிறது, அவருடைய அடையாள அட்டையில் அப்படித்தான் பதிந்திருந்தது. தோட்டப் பேரேட்டிலோ சம்முகம். மூன்றும் ஒரே ஆள்தான் சேர். எங்கள் பக்கத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி பெயர் பதியப்பட்ட வீடுகள் நிறைய. ஈ.பி.எஃப். எடுப்பதற்கும் இது தேவைப்படுவதால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்கக் கொடுத்திருக்கிறோம். அடுத்த வாரம் கிடைத்ததும் அதையும் அனுப்புகிறேன். துறை அலுவலகத்தில் மூலப் பிரதிகளைக் காட்டச் சொன்னால் 20ஆம் திகதி பேராதனைக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

கட்டுரை எந்த அளவில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தலைப்பு நீங்கள் ஒப்புக்கொண்டதுதான்: சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் பிரிந்த தோட்டக் குடும்பங்களும். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பற்றிய முதல் பகுதி முடிந்துவிட்டது. 1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததும், மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டதுமான இரண்டாம் பகுதியும் எழுதிவிட்டேன், அடிக்குறிப்புகள் மட்டும் சரிபார்க்க வேண்டும். நின்றுபோனது மூன்றாம் பகுதி. அது அத்தையின் கடிதங்களை வைத்து எழுத நினைத்தது. அப்பாவின் அக்கா 1976இல் கல்யாணமான கையோடு புருஷன் வீட்டாருடன் தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூர் போனவர். அவர் எழுதிய நீல நிறத் தபால்கள் 23 அப்பாவின் ட்ரங்குப் பெட்டியில், வேட்டிக்கு அடியில், ரப்பர் பட்டி போட்டு இருக்கின்றன. அதில் வருகிற ஆட்கள், லயங்கள், பட்டப்பெயர்கள் எல்லாம் யார் எவர் என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகத்தான் இருந்தோம். ஏழு கடிதங்கள் வரைக்கும் சொன்னார். அடுத்த லீவில் மிச்சத்தைப் பார்ப்போம் என்றார்.

மீதி 16 கடிதங்களுக்கும் அத்தையிடமே கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன். சாவுக்கு அவரால் வர முடியவில்லை, வாட்ஸ்அப்பில்தான் முகம் பார்த்தார். இப்போது பேச ஆரம்பித்தாலே அழுகிறார், அதனால் கருமாதி முடியும் வரை இதைப் பற்றி அவரிடம் வாய் திறக்க எனக்கு மனமில்லை சேர். 14 நாட்கள் கேட்பதற்கு உண்மையான காரணம் இதுதான். அந்தக் கடிதங்களை விட்டுவிட்டு, ஏற்கெனவே அச்சில் இருப்பதை வைத்து மூன்றாம் பகுதியை நிரப்பிக் கொடுக்கலாம், ஆனால் அப்பா ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம், அப்படி முடிக்க விருப்பமில்லை.

நீடிப்புக்கென்று தனிப் படிவம் இருந்தால் அனுப்பிவையுங்கள், அன்றே நிரப்பித் தருகிறேன். 31 வரை தர விதி இடம் கொடுக்காவிட்டால், முடிந்த இரண்டு பகுதிகளையும் 17ஆம் திகதியே அனுப்பிவிட்டு மூன்றாவதைப் பின்னால் தரலாமா என்பதையும் சொல்லுங்கள் சேர். லயத்தில் சிக்னல் கிடைக்காது, கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் மெயில் திறக்கும், அதனால் பதில் போட அரை நாள் பிந்தலாம்.

நன்றி சேர்.

இப்படிக்கு,
ச. மேகலா
மூன்றாம் வருடம், வரலாறு
மார்ச் 12