மறைத்துக் கொடுத்தவர்கள்: நேற்றைய சொற்பொழிவின் சுருக்கம்

சித்தி, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். சொற்பொழிவு மொத்தம் இரண்டேகால் மணி நேரம். அவர் ‘நம பார்வதீ பதயே’ என்று எடுத்துக்கொடுக்க, நாங்கள் ‘ஹர ஹர மகாதேவா’ சொன்னதே முப்பது தடவைக்கு மேல் இருக்கும். அதையும், நடுநடுவே பாடிய பாட்டுகளையும், முன்வரிசைக்காரர்களுக்குச் சொன்ன வாழ்த்தையும் விட்டுவிட்டேன். கதையில் கை வைக்கவில்லை. எனக்குத் தோன்றியதை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.

தலைப்பு ‘கொடை’. ஆனால் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. கொடுத்தவர் அதற்காகத் தான் பட்ட பாட்டை வாங்கியவரிடம் சொன்னாரா என்பதுதான் அவருடைய கேள்வி. “சொன்னாரா? சொல்லவில்லை!” என்று பல்லவி மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். இங்கே ஒரு தடவை எழுதிவிட்டேன், மற்ற இடங்களில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இளையான்குடி மாறனார். நல்ல வசதியான வேளாளர். அடியார்களுக்குச் சோறு போட்டுப் போட்டே ஏழையாகிவிட்டார். ஒரு மழைக்கால இரவு, கதவைச் சாத்திய பிறகு ஓர் அடியார் வருகிறார். மாறனார் அவருடைய ஈர உடம்பைத் துடைத்துவிட்டு உட்காரவைக்கிறார். உள்ளே போனால் ஒரு மணி அரிசி இல்லை. அக்கம்பக்கத்தில் வாங்கியதே இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, இனிக் கேட்க முகம் இல்லை. அப்போது மனைவிதான் வழி சொல்கிறார்: காலையில் வயலில் விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தால் சமைக்கலாம்.

இந்த இடத்தில் சொற்பொழிவாளர் வெகுநேரம் நின்றார். விதைநெல்லை எடுத்தால் அடுத்த அறுவடை இல்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாதா? யோசனை அவருடையது, நாம் பெயர் சொல்வது கணவரை மட்டும் என்றார். (பெண்கள் பக்கத்திலிருந்து பலத்த கைத்தட்டல்.)

மாறனார் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கும்மிருட்டில் போகிறார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காலால் தடவித் தடவித்தான் வழி. மழைநீரில் மிதந்து ஒதுங்கிய முளைநெல்லை வாரிக்கொண்டு வருகிறார். வாசலிலேயே காத்திருந்த மனைவி அதை வாங்கிச் சேறு போகக் கழுவுகிறார். அடுப்பெரிக்க விறகு இல்லை. மாறனார் கூரை வரிச்சை அறுத்துப் போடுகிறார். ஈர நெல்லை வறுத்துக் குத்திச் சோறாக்கியாயிற்று. கறிக்கு, கொல்லையில் அப்போதுதான் முளைத்திருந்த கீரையைப் பறித்து வருகிறார். அந்த ஒரே கீரையை அம்மா பல விதமான கறியாகச் சமைக்கிறார். எல்லாம் தயாரான பிறகுதான் விருந்தாளியை எழுப்புகிறார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே கூரை பிரிந்து கிடக்கிறது, ஆனால் வந்தவர் காதில் ஒரு முணுமுணுப்பும் விழவில்லை. அவர் சோதியாக எழுந்ததும், கணவன் மனைவி இருவருக்கும் அருள் கிடைத்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அடுத்தது திங்களூர் அப்பூதியடிகள். நேற்றைய பேச்சின் உயிர் இங்கேதான் இருந்தது. திருநாவுக்கரசரை இவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் மூத்த பிள்ளைக்கும் அவர் பெயர், இளைய பிள்ளைக்கும் அவர் பெயர். தண்ணீர்ப் பந்தலிலும் அதே பெயர்தான். அந்த வழியாக வந்த நாவுக்கரசரே பந்தலைப் பார்த்துவிட்டு, “உங்கள் பெயரை வைக்காமல் யாரோ ஒருவர் பெயரை வைத்திருக்கிறீர்களே” என்று கேட்க, அப்பூதிக்குக் கோபம் வந்துவிட்டது. “அவர் பெருமை தெரியாதவர் உண்டா? நீர் யார்?” என்கிறார். சூலைநோய் தந்து இறைவன் ஆட்கொண்ட சிறியவன் நான் என்று பதில் வருகிறது. அப்பூதி காலில் விழுகிறார்.

விருந்து தயாராகிறது. வாழைக்குருத்து அரியப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டிவிடுகிறது. விஷம் ஏறுவதற்குள் இலையைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஓடி வருகிறான், இலையைத் தாய் கையில் கொடுக்கிறான், விழுகிறான். பாம்பு கடித்ததைச் சொன்னால் விருந்து தடைப்படும் என்பதே அவன் நினைப்பு. முதலில் மறைத்தது அந்தப் பிள்ளைதான் என்றார் சொற்பொழிவாளர். நான் இதுவரை அப்படி யோசித்ததில்லை.

பெற்றவர்கள் உடலைப் பாயில் சுற்றி முற்றத்தின் ஒரு பக்கம் மறைத்து வைத்துவிட்டு, விருந்தாளியைச் சாப்பிட அழைக்கிறார்கள். எல்லோருக்கும் திருநீறு கொடுத்த நாவுக்கரசர், மூத்த பிள்ளைக்கும் தர வேண்டும், கூப்பிடுங்கள் என்கிறார். அப்பூதி சொன்ன பதில் சேக்கிழார் வாக்கில் “இப்போது இங்கு அவன் உதவான்”. இதை மட்டும் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாவது அவசரமாக, மூன்றாவது குரல் உடைந்து. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. நாவுக்கரசர் மனம் தடுமாறி, உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வருகிறது. உடலைக் கோயில் முன் கொண்டுவரச் செய்து ‘ஒன்றுகொலாம்’ பதிகம் பாடுகிறார், பிள்ளை தூங்கி எழுந்தவன் போல எழுகிறான். அப்போதும் பெற்றோருக்கு மகிழ்ச்சியைவிட, இவனால் அடியார் சாப்பிட நேரமாகிவிட்டதே என்ற வருத்தம்தான். பிறகு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

(பிள்ளை செத்துக் கிடக்க இலை போடுவதா என்று எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு. நல்லவேளை, அவரே அதைத் தொட்டார். “இதை நீங்கள் செய்ய வேண்டும் என்று புராணம் சொல்லவில்லை. நாவுக்கரசரே இதை ஏற்று இலையில் உட்காரவில்லை, அதையும் பாருங்கள்” என்றார். நீங்கள் சிறுவயதில் எங்களுக்குச் சொன்னபோது இந்த இடத்தில் வேகமாகப் போய்விடுவீர்கள், ஞாபகம் இருக்கிறதா?)

கடைசியாகப் பூசலார், நேரமாகிவிட்டதால் கொஞ்சம் சுருக்கமாக. திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, எங்கே தேடியும் பொருள் கிடைக்கவில்லை. அதனால் மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சர்களைக் கூட்டி, நாள் பார்த்து ஆரம்பித்து, ராத்திரி கண்மூடாமல் கட்டுகிறார். கிணறு, குளம், மதில் எதையும் விடவில்லை. கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அதே நாளில்தான் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. முந்தின இரவு மன்னன் கனவில் இறைவன் வந்து, நாளை நான் நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்கிறார்.

மன்னன் நின்றவூருக்கு வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டால், ஊர்க்காரர்கள் அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லை என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் ஒரு கோயில் எழுந்திருக்கிறது! பூசலாரைக் கேட்டால் அவருக்கே திகைப்பு. நம்மையும் ஒரு பொருட்டாக இறைவன் சொன்னானே என்று உருகி, பிறகுதான் மனத்தில் கட்டியதைச் சொல்கிறார். மன்னன் தரையில் விழுந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போகிறான். பேச்சு அதோடு முடிந்தது, அப்புறம் மங்களம், தீபாராதனை.

நாளை திருநீலகண்டர். வீடு திரும்ப எப்படியும் ஒன்பது மணி ஆகிவிடும், காலையில் எழுதி அனுப்புகிறேன். எழுத்து சின்னதாக இருந்தால் சொல்லுங்கள், பெரிதாக்கித் தருகிறேன்.