நான்காவது பாட்டில்

ஏற்காட்டிலிருந்து வந்த பார்சலில் ஐந்து பாட்டில்கள் இருந்தன. முதலாவதில் இரைப்பை, இரண்டாவதில் சிறுகுடல், மூன்றாவதில் கல்லீரலும் சிறுநீரகமும், நான்காவதில் ரத்தம், ஐந்தாவதில் வெறும் உப்புக் கரைசல். அரக்கு முத்திரை எதுவும் உடையவில்லை. நீதித்துறை நடுவரின் கடிதத்தில் கேள்வி ஒரே வரி: விஷம் ஏதும் இருக்கிறதா?

உள்ளுறுப்புப் பார்சலைத் தலைமைக் காவலர்தான் கொண்டுவருவார். அன்று ஆய்வாளரும் கூடவே வந்திருந்தார்.

"குளோர்பைரிபாஸ், மேடம். அதை மட்டும் பார்த்தால் போதும். டப்பாவே கிடைத்துவிட்டது. அவள் கட்டிலுக்கு அடியில், பாதி காலி."

வழக்குச் சுருக்கத்தைச் சோதனை முடிந்த பிறகுதான் நான் படிப்பேன். இருபத்தொரு வருடப் பழக்கம். ஒருவர் "மஞ்சள் புள்ளி வரும்" என்று காதில் போட்டுவிட்டால், மங்கலான வெள்ளைத் தட்டிலும் கண் மஞ்சளைத் தேட ஆரம்பித்துவிடும். அவரை உட்காரச் சொல்லாமல் நின்றதே போதும், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். அவர் நின்றுகொண்டே முழுக் கதையையும் சொல்லி முடித்தார். காப்பி எஸ்டேட் லைன் வீடு. டிசம்பர் மாதம், பழம் பறிக்கும் நேரம். கணவன் குடிகாரன், அடிப்பவன். அன்றிரவு சண்டை. மனைவி பையனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டாள். காலையில் அவன் கட்டிலில் பிணம், தரையெல்லாம் வாந்தி.

"அறிக்கை வந்தால் அன்றைக்கே கைது" என்றார்.

பூச்சிமருந்து குடித்தவரின் இரைப்பைப் பாட்டிலைத் திறந்தால் நாற்றமே பாதி விடையைச் சொல்லிவிடும். இதில் சாராய நெடியும் புளித்த சோற்று வாடையும் மட்டும்தான் இருந்தன. நாற்றத்தை அறிக்கையில் எழுத முடியாது. சாறு பிரித்து, தட்டில் புள்ளி வைத்து, மேலேற விட்டு, பல்லேடியம் குளோரைடு தெளித்தேன். ஒப்பீட்டுக்காக வைத்த குளோர்பைரிபாஸ் அழகான மஞ்சளில் எழுந்தது. அதன் பக்கத்தில் இரைப்பை, குடல், கல்லீரல் மூன்றும் காலி. மறுநாள் புதிய தட்டில் திரும்பச் செய்தேன். அதே காலி. மற்ற விஷங்களுக்கான வழக்கமான சோதனைகளிலும் ஒன்றும் சிக்கவில்லை.

'விஷம் இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கலாம். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். அலமாரியில் காத்திருந்த பார்சல்களை நினைத்தால் அப்படி முடிக்கவே மனம் இழுத்தது.

மதுவின் அளவு பார்க்க நான்காவது பாட்டிலை அதுவரை திறக்கவில்லை. திறந்து பிப்பெட்டில் உறிஞ்சியபோது கை நின்றது. பிரேதப் பரிசோதனையில் எடுத்து, மலையிறங்கி, வாரக்கணக்கில் கிடந்து வரும் ரத்தம் கருத்திருக்கும்; பழைய காப்பி டிகாக்ஷன் போல. இது சிவப்பாக இருந்தது. கூரையில் காயப்போட்ட மிளகாய் வற்றலின் சிவப்பு இல்லை, ஈரம் காயாத செம்பருத்தியின் சிவப்பு.

இரண்டு சோதனைக் குழாய்கள் எடுத்தேன். ஒன்றில் ஒப்பீட்டு ரத்தம், மற்றதில் பாட்டில் ரத்தம். இரண்டிலும் பத்து சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு. ஒப்பீட்டு ரத்தம் பச்சை கலந்த பழுப்பாகக் கெட்டது. அதுதான் முறை. மற்றது மாறவில்லை. வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். உதவியாளர் முருகேசனைக் கூப்பிட்டு, எது எதுவென்று சொல்லாமல், "இரண்டும் என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"இது சாக்கடை. இது ரோஸ்."

பிறகு நிறமாலைமானி. சோடியம் டைதயோனைட் சேர்த்தால் சாதாரண ரத்தத்தின் இரண்டு முகடுகளும் கரைந்து 555 நானோமீட்டர் அருகே ஒரே மேடாகிவிடும். இந்த ரத்தத்தில் இரண்டு முகடுகளும் இருந்த இடத்திலேயே நின்றன. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது; டைதயோனைட்டால் அதை எழுப்ப முடியாது. கார்பன் மோனாக்சைடு. கணக்கிட்டால் 58 சதவீதம். விடாமல் புகைபிடிக்கிறவனுக்கும் பத்தைத் தாண்டுவது அபூர்வம்.

அப்போதுதான் வழக்குச் சுருக்கத்தைப் பிரித்தேன். பிரேதப் பரிசோதனைச் சான்றில் முதுகுப் பக்கம் பிணக்கறை என்று இருந்தது, நிறம் குறிப்பிடவில்லை. கருத்த உடம்பில் இந்த வாயு பிணக்கறைக்குத் தரும் இளஞ்சிவப்பை நகக்கண்ணிலும் உதட்டின் உட்புறத்திலும் தேடினால்தான் தெரியும். மனைவியின் வாக்குமூலம் ஒன்றரைப் பக்கம். டப்பா, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இருபது காப்பிச் செடிகளின் தண்டுத் துளைப்பானுக்கு வாங்கியது என்று சொல்லியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்கள். அதற்கு நான்கு வரி கீழே, கோடு இல்லாமல் ஒரு வாக்கியம்: "மழையில் நனைந்து வந்து நடுங்கினார். கரி போட்டுக் கணப்புச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, காற்று வராமல் ஜன்னலில் சாக்கை அடைத்துவிட்டுப் போனேன்."

அடித்தவனுக்கு. அடி வாங்கிக்கொண்டு வெளியே போகும் முன்னால்.

ஆய்வாளர் தொலைபேசியில் நான் சொன்னதை நம்பவில்லை. மறுநாள் நேரிலேயே வந்துவிட்டார்.

"மேடம், அந்த மருந்து உடம்பில் கரைந்து போயிருக்கலாம் அல்லவா? அப்படி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்."

"சாகடிக்கிற அளவுக்குக் குடித்திருந்தால் இரைப்பையில் இல்லாமல் போகாது, சார்."

"ஊர் முழுக்க அவள்தான் என்கிறது. இறந்தவனின் அண்ணன் தினமும் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறான்."

இரண்டு குழாய்களையும் புதிதாகச் செய்து அவர் முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். தொடலாமா என்று கேட்டார். ரோஸ் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகச் சாய்த்தார். கெட்ட மனிதர் இல்லை. டப்பா முதலில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

"கணப்பைப் பற்றி அவள் மூன்று தடவை சொன்னாள்" என்றார். "இரக்கம் தேடுகிறாள் என்று நினைத்தேன்."

"சட்டி இருக்கிறதா?"

"நாங்கள் எடுக்கவில்லை."

அன்றே மேலே போய் எடுத்து வந்தார். துருப்பிடித்த இரும்புச் சட்டி, அடியில் சாம்பலும் எரியாத கரித்துண்டுகளும். ஜன்னல் சாக்கு அப்படியே இருந்ததாம், சிமெண்டுச் சாக்கு. அந்த வீட்டில் பிறகு யாரும் படுக்கவில்லை.

என் அறிக்கை ஒரு பக்கம். பூச்சிமருந்து கண்டறியப்படவில்லை. எத்தில் ஆல்கஹால் இருந்தது, அதன் அளவு. கார்பாக்சிஹீமோகுளோபின் 58 சதவீதம். சட்டியை யார் வைத்தார், சாக்கை யார் அடைத்தார் என்பதற்கு அதில் இடம் கிடையாது. கொலையா, விபத்தா என்பதும் நான் எழுத வேண்டியதில்லை. கையெழுத்திட்டு நடுவர் மன்றத்துக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வேறொரு பார்சலோடு ஆய்வாளர் வந்தார். வழக்கு விபத்து மரணமாக முடிகிறது என்றார். கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"அவளிடம் நேரில் போய்ச் சொன்னேன், மேடம். உன்மேல் குற்றமில்லை என்றேன். அப்படியென்றால் எப்படிச் செத்தார் என்று கேட்டாள்."

"என்ன சொன்னீர்கள்?"

"குடி என்று சொல்லிவிட்டேன். குடித்துக் குடித்து நெஞ்சு நின்றுவிட்டது என்று." என் முகத்தைப் பார்த்தார். "வேறு என்ன சொல்வது?"

நான் பதில் சொல்லவில்லை. விபத்து மரண உதவிக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டும்; அதற்கு என் அறிக்கையின் நகலைக் கேட்பார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. எஸ்டேட் ஆபீஸ் கணக்கர் அதை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாக அவளுக்குத் தமிழில் சொல்லுவார்.