சங்கக் கணக்குகளையும் செயற்குழுத் தீர்மானப் புத்தகத்தையும் பார்வையிடக் கோரும் கடிதம்

கோத்தகிரி,
4.8.2025

அனுப்புநர்:
ரா. மல்லிகா,
உறுப்பினர் எண் 34,
கீழ்ச்சரிவுத் தெரு, ஊற்றுமேடு,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
ஊற்றுமேடு, கோத்தகிரி.

பொருள்: தடுப்புச் சுவர் வேலை தொடர்பான வரவு செலவுக் கணக்குகளையும் செயற்குழுக் கூட்டத் தீர்மானங்களையும் நேரில் பார்வையிடுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த ஜூலை 13-ஆம் தேதி நடந்த பொதுக்குழுவில் தடுப்புச் சுவர் செலவு பற்றிக் கேட்டேன். நேரமாகிவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்று பொருளாளர் சொன்னார். பிறகு உங்களிடம் போனில் கேட்டபோது, எழுதிக் கொடுங்கள், செயற்குழுவில் வைக்கிறேன் என்றீர்கள். அதன்படி எழுதுகிறேன்.

1.4.2024 முதல் இன்று வரையிலான சங்கத்தின் கணக்குப் புத்தகங்களையும், 2024 நவம்பர் முதல் 2025 ஜூலை வரை நடந்த செயற்குழுக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகத்தையும் நான் பார்வையிட வேண்டும். நமது துணை விதி 19-இன்படி, முன்கூட்டி எழுத்தில் தெரிவித்துவிட்டு இவற்றைப் பார்க்க ஒவ்வோர் உறுப்பினருக்கும் உரிமை உண்டு.

பொதுக்குழுவில் கொடுத்த ஒரு பக்கக் கணக்கில் சுவருக்கான சிறப்பு வசூல் ரூ.3,42,000 என்று இருக்கிறது. வீட்டுக்கு ரூ.6,000 வீதம் வசூலித்தோம். அப்படியானால் இது 57 வீட்டுப் பணம். நம் சங்கத்தில் 62 வீடுகள். மீதி 5 வீடுகள் இன்னும் தரவில்லையா, அல்லது மார்ச் 31-க்குப் பிறகு தந்தது அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பது ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். யார் தரவில்லை என்று வெளியில் பேசுவது என் நோக்கமில்லை. கஷ்டப்படும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன என்பது எனக்கும் தெரியும்.

அதே தாளில் சுவர் வேலைக்குச் செலவு ரூ.4,18,500 என்று ஒரே வரியில் போட்டிருக்கிறது. கல், சிமென்ட், கம்பி, ஆள் கூலி, பொக்லைன் வாடகை என்று எதுவும் பிரித்துக் காட்டவில்லை. வசூலுக்கு மேல் போன ரூ.76,500 எந்த நிதியிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் இல்லை. குடிநீர்ப் பராமரிப்பு நிதியிலிருந்து என்றால், அதை எடுக்கச் செயற்குழு தீர்மானம் போட்டிருக்க வேண்டும். மே மாதம் ஊற்றுத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் காயில் எரிந்தபோது, நிதியில் பணமில்லை என்று சொல்லித்தான் வீட்டுக்கு ரூ.300 தனியாக வாங்கினீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது கேள்வி வரத்தான் செய்கிறது.

ஆகவே கேஷ் புக், பேரேடு, வங்கிப் பாஸ்புக், ரசீது அடிக்கட்டைகள், சுவர் வேலைக்கான பில்களும் வவுச்சர்களும், ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் எடுத்த அளவுக் குறிப்பு, தணிக்கையாளரின் அறிக்கை ஆகியவற்றை எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தணிக்கை இன்னும் முடியவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மற்றவற்றைப் பார்க்க அது தடையாகாது.

பணம் எவ்வளவு போனது என்பதைக் கணக்குப் புத்தகம் சொல்லும். யார் முடிவு செய்தார்கள், அன்று எத்தனை பேர் இருந்தார்கள், யாராவது மறுப்புச் சொன்னார்களா என்பதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில்தான் இருக்கும். இந்த விஷயத்தில் எனக்கு அதுதான் முக்கியம். ஜனவரி மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில், மூன்று கொட்டேஷன் வாங்கிக் குறைந்த விலைக்கு வேலை கொடுக்கப்படும் என்று இருந்தது. கூடவே ஒட்டியிருந்த வரைபடத்தில், சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற மூன்று வரிசைகளில் வடிகுழாய்கள் காட்டியிருந்தார்கள். இன்று சுவரில் இருப்பது அடியில் ஒரே வரிசை, மொத்தம் 6 குழாய்கள். அதிலும் இரண்டின் வாயில் சிமென்ட் அடைத்துக்கொண்டிருக்கிறது. போன வாரம் பெய்த மழைக்கே படிக்கட்டும் சுவரும் சேரும் இடத்தில் கசிந்து, என் வாசல் வரை செம்மண் தண்ணீர் வந்தது. குழாய்களைக் குறைக்கச் செயற்குழு முடிவு செய்ததா, பொறியாளர் யாரிடமாவது கேட்டார்களா, அல்லது ஒப்பந்தக்காரரே விட்டுவிட்டாரா என்று எனக்குத் தெரிய வேண்டும். கல்லும் சிமென்ட்டும் எவ்வளவு பலமாக இருந்தாலும், பின்னால் தண்ணீர் தேங்கினால் மண் கனத்துச் சுவரைத் தள்ளிவிடும். மலைச்சரிவில் வீடு கட்டியிருக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சுவருக்கு நேர் கீழே இருப்பது என் வீடு. எண்பது வயதைத் தாண்டிய என் மாமியாரும் பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகளும் அங்கேதான் தூங்குகிறார்கள். 2009 நவம்பரில் நம் மாவட்டத்தில் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ராத்திரி மழை வலுத்தால் இன்றும் எங்கள் தெருவில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. கோத்தகிரிப் பக்கத்துக்குப் பெரிய மழை தென்மேற்குப் பருவத்தில் இல்லை, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில்தான். அதற்குள் குழாய்களைச் சரிசெய்ய வேண்டுமானால் இப்போதே பேசியாக வேண்டும். இதற்கிடையில், மீதி 17 மீட்டர் சுவருக்காக ஆகஸ்ட் 31-க்குள் வீட்டுக்கு ரூ.4,000 கட்டச் சொல்லிச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. அந்தச் சுவரும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. என் பங்கைக் கட்டவும் தயார். முதல் வேலையின் கணக்கைப் பார்த்துவிட்டுக் கட்டுகிறேன்.

ஆகஸ்ட் 16 அல்லது 23, சனிக்கிழமை காலை 10 மணிக்குச் சங்க அறைக்கு வருகிறேன். இரண்டு நாளும் உங்களுக்குத் தோதுப்படாவிட்டால், மாத முடிவுக்குள் வேறொரு நாளைச் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். கணக்கு பார்த்துப் பழகிய இன்னோர் உறுப்பினரையும் உடன் அழைத்து வர விரும்புகிறேன். புத்தகங்களை அறையை விட்டு வெளியே எடுக்க மாட்டேன், பொருளாளர் பக்கத்திலேயே இருக்கட்டும். தேவையான பக்கங்களுக்கு நகல் கேட்பேன், ஜெராக்ஸ் செலவு என்னுடையது. மற்ற உறுப்பினர்களின் போன் நம்பர், சொந்த விவரங்கள் எதையும் குறித்துக்கொள்ள மாட்டேன்.

ஏதாவது ஒரு புத்தகத்தைக் காட்ட இயலாது என்று செயற்குழு கருதினால், எந்த விதியின்படி என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். நமது சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் மனு கொடுத்தால் சங்கத்தின் நடவடிக்கைகளைப் பதிவாளர் விசாரிக்க அந்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. 62 வீட்டில் 21 கையெழுத்து போதும். அப்படி வீடு வீடாகப் போக எனக்கு விருப்பமில்லை. தினமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள் நாம், நம் சங்க அறையிலேயே உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் இது.

செயற்குழுவில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் உழைக்கிறீர்கள். நவம்பரில் பழைய சுவர் சரிந்த ராத்திரி, கொட்டும் மழையில் வந்து எங்கள் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்துக் கொடுத்தவர்களில் நீங்களும் ஒருவர். அதை மறக்கவில்லை. யார் மீதும் குற்றம் சாட்டி இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

கடிதம் பெற்றதற்கு அடையாளமாக இணைத்துள்ள நகலில் தேதியிட்டுக் கையொப்பமிட்டுத் தரவும். பார்வையிடும் நாளை ஆகஸ்ட் 12-க்குள் தெரிவித்தால் வேலைக்கு விடுப்புச் சொல்ல வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ரா. மல்லிகா
(உறுப்பினர் எண் 34)

இணைப்பு: சிறப்பு வசூல் ரூ.6,000 செலுத்திய ரசீதின் நகல். பொதுக்குழுவில் வழங்கிய கணக்குத் தாளின் நகல். சுவரின் வடிகுழாய்களைக் காட்டும் இரண்டு புகைப்படங்கள்.

நகல்: தலைவர், பொருளாளர்.