வடிவ வேட்டை: தரைக்குப் போகுமா, கூடைக்குப் போகுமா?

வியாழன் காலை 10 மணி. பிள்ளைகள் 16 பேர், எல்லோருக்கும் நான்கு வயது. மொத்தம் 40 நிமிடம். அன்று நான் விடுப்பு என்பதால், மிஸ், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறேன். வரிக்கு வரி ஒப்பிக்க வேண்டாம். உங்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படிச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் வருவதற்கு முன்

திண்மப் பொருள்கள் 16: பந்து 3, மூடிய உருளை டப்பா 4, காலி அட்டைப்பெட்டி 4, கனசதுர மரக்கட்டை 3, பிறந்தநாள் கூம்புத் தொப்பி 2. எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. மேசைக்கடியில், கதவு மூலையில், பொம்மைகளுக்கு நடுவில் என்று பாதி தெரியும்படி ஒளித்து வையுங்கள். வாய்க்குள் போகிற அளவில் எதுவும் வேண்டாம். அதனால்தான் பட்டன், மணி, சின்ன பகடை எதையும் சேர்க்கவில்லை.

தட்டை வடிவங்கள் 16: வண்ணத்தாளில் வெட்டிய வட்டம் 5, சதுரம் 4, முக்கோணம் 4, செவ்வகம் 3. சுவரில் பிள்ளைகளின் கண் மட்டத்தில் லேசாக டேப் போட்டு ஒட்டுங்கள். முக்கோணங்களில் ஒன்றைத் தலைகீழாக, இன்னொன்றைச் சாய்த்து ஒட்டுங்கள். எப்போதும் கூரை மாதிரியே காட்டினால், தலைகீழாகப் பார்த்ததும் "இது முக்கோணம் இல்லை" என்பார்கள். சதுரங்களிலும் ஒன்றையாவது முனை கீழே வரும்படி ஒட்டுங்கள்.

நீலத் துணி தட்டைகளுக்கு. பெரிய கூடை திண்மங்களுக்கு.

வட்டமாக உட்கார்ந்து (8 நிமிடம்)

மடியில் ஒரு மரக்கட்டை, ஒரு சதுரத் தாள். இரண்டும் உங்கள் கைவசம் தனியாக இருக்கட்டும், ஒளித்தவற்றிலிருந்து எடுக்க வேண்டாம்.

"என் கையில் ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் நாலு மூலை உள்ள முகம். ஆனா ஒரே மாதிரி இல்லை. எப்படின்னு கை வெச்சுப் பார்ப்போமா?"

தாளைத் தரையில் வைத்து உள்ளங்கையால் மூடுங்கள். "கை எங்கே இருக்கு? தரையோட தரையா! இது தட்டை." அடுத்து கட்டை. "இப்போ? கை மேலேயே நிக்குது! இது திண்மம்." ஒவ்வொரு பிள்ளையும் இரண்டையும் ஒருமுறை கை வைத்துப் பார்க்கட்டும். இதுதான் இன்றைக்குக் கை சோதனை. மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது, அதனால் இங்கே அவசரப்பட வேண்டாம்.

திண்மம் என்ற சொல்லைச் சொல்லத் தயங்காதீர்கள். பெரிய சொல் வாயில் உருளுவது அவர்களுக்குப் பிடிக்கும். 'கெட்டி' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். பஞ்சடைத்த பந்து கெட்டியாக இருக்காது, ஆனால் அதுவும் திண்மம்தான். அந்தக் குழப்பத்தில் நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

வேட்டை (15 நிமிடம்)

எட்டு எட்டுப் பேராக அனுப்புங்கள். 16 பேரும் ஒரே நேரத்தில் ஓடினால் முட்டிக்கொள்வார்கள். ஒரு நடைக்கு ஒரு பொருள்தான். ஆளுக்கு இரண்டு நடை, அதற்குள் 32ம் தீர்ந்துவிடும்.

"கண்டுபிடி, எடுத்து வா, தரையில் வை, கை வை. தரையோட தரையா போச்சுன்னா நீலத் துணி. மேலே நின்னுச்சுன்னா கூடை. எங்கே போடணும்னு நீயே சொல்லணும்."

முடிவு பிள்ளையுடையது. காத்திருக்கும் எட்டுப் பேர் கைதட்டலாம், விடையை மட்டும் கத்தக்கூடாது. (கத்துவார்கள். விரலை உதட்டில் வைத்துக் காட்டினால் ஒரு நிமிடமாவது அடங்கும்.) தொப்பியில் கை வைக்கும்போது நசுக்கிவிடாமல் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள்.

பந்தை எடுத்துக்கொண்டு யாராவது "வட்டம்!" என்று நீலத் துணிக்குப் போவது நிச்சயம். தப்பு என்று சொல்ல வேண்டாம். வட்டத் தாளையும் பந்தையும் பக்கத்தில் வைத்து, "ரெண்டையும் தள்ளிப் பாரு. எது உருண்டு ஓடுது?" என்று கேளுங்கள். பந்து எந்தப் பக்கமும் உருளும், தாள் கிடந்த இடத்தில் கிடக்கும். "இது உருண்டை, அது வட்டம்" என்று அப்புறம் பெயர் சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

டப்பாவைக் காட்டி வட்டம் என்றால் பாதி சரி. "மூடி வட்டம். டப்பா முழுசும் உருளை" என்று இரண்டையும் தடவிக் காட்டுங்கள். கதவைக் காட்டி "செவ்வகம்" என்று ஒருவராவது சொல்வார்கள். "கதவோட முகம் செவ்வகம். கதவைத் தூக்கிக் கூடையில் போடலாமா?" என்று கேளுங்கள், சிரிப்பில் போய்விடும்.

தாளுக்கும் கொஞ்சம் தடிமன் உண்டுதானே என்று உங்களுக்கே தோன்றலாம். உண்மைதான், கறாராகப் பார்த்தால் அதுவும் மிக மெல்லிய திண்மம். தட்டை என்று நாம் சொல்வது அதன் வடிவத்தை. பிள்ளைகள் கேட்காதவரை இதை எடுக்க வேண்டாம். கேட்டால், மேசை இழுப்பறையில் ஒரே அளவில் வெட்டிய 20 அட்டை வட்டங்கள் இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அவர்களையே அடுக்கச் சொல்லுங்கள். அடுக்க அடுக்க உருளை எழுந்து நிற்கும்.

முகம் வரைதல் (12 நிமிடம்)

பெரிய சார்ட் தாளைத் தரையில் விரித்துக் கிரேயான் கொடுங்கள். நான்கு நான்கு பேராக உட்காரட்டும். கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தாளில் நிறுத்தி, அடியைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். பொருளை அசையாமல் பிடிக்க ஒரு பிள்ளை, வரைய ஒரு பிள்ளை.

"தூக்கிப் பாரு, அடியில் யார் ஒளிஞ்சிருந்தாங்க?"

மரக்கட்டையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சதுரம்தான் வரும், ஆறு முகமும் ஒன்றே. டப்பாவை நிறுத்தினால் வட்டம். கூர்த் தலைத் தொப்பியின் அடியிலும் வட்டம் வருவதில்தான் அவர்களுக்கு ஆச்சரியம், அதைக் கடைசிக்கு வையுங்கள். பந்தைக் கேட்டால் கொடுங்கள். கிரேயான் அடிக்குள் நழுவிக்கொண்டே போகும், கோடு கோணலாக வரும். "பந்துக்குத் தட்டை முகமே இல்லை" என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

திண்மத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் தட்டை முகத்துக்கு வருவது பழைய வழிதான். மழலைப் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்த ஜெர்மானியர் ஃப்ரோபெல் 19ஆம் நூற்றாண்டிலேயே பந்து, உருளை, கனசதுரம் ஆகியவற்றை முதலில் கொடுத்து, தட்டை வில்லைகளை அதற்குப் பிறகுதான் கொடுத்தார்.

எடுத்து வைத்தல் (5 நிமிடம்)

"நான் சொல்றது உன் கையில் இருந்தா கொண்டு வா. உருண்டு ஓடுறவங்க முதல்ல! மூணு மூலை தட்டைகள் அடுத்து!"

கூடை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு, தாள்கள் மஞ்சள் உறைக்கு. வரைந்த சார்ட்டைக் கிழிக்காமல் என் மேசையில் வைத்துவிடுங்கள். யார் எதைத் தவறான இடத்தில் வைத்தார்கள் என்று ஓரத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைகளோடு மட்டும் மறுபடி கை சோதனை செய்து பார்க்கிறேன்.