வார லீடர்போர்டு: வடிவமைப்புக் குறிப்பு, இரண்டாம் வரைவு

முதல் வரைவை நான்தான் எழுதினேன். அதைக் கிழித்துப் போட்டதும் நானே. இந்த வரைவில் மாறியிருப்பது அடிப்படையில் ஒன்றுதான்: லீடர்போர்டுக்கு இனி "இவருக்கு 5 புள்ளி கூட்டு" என்று சொல்லமாட்டோம், "இவருடைய மொத்தம் இப்போது 48,250" என்று சொல்வோம். மற்ற மாற்றங்கள் எல்லாம் இதன் விளைவுகள்.

சூழல்

நம் பந்தய விளையாட்டின் வாரப் போட்டியில் 20 லட்சம் பேர் வரை கலந்துகொள்வார்கள் என்று வைத்துக்கொள்கிறோம். உச்ச நேரத்தில் 60,000 பேர் ஒரே சமயத்தில் ஆடுவார்கள். ஒவ்வொருவரும் விநாடிக்கு நான்கைந்து முறை புள்ளி சேர்ப்பார்கள். அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் நிகழ்வுகள். திரையில் மூன்று காட்சிகள் வேண்டும்: முதல் 100 பேர், "என் இடம் எது", எனக்கு மேலும் கீழும் ஐந்து பேர்.

இதைத் தரவுத்தளத்தில் `ORDER BY` போட்டுச் சமாளிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முதல் 100 பேரை இன்டெக்ஸ் எளிதாகத் தந்துவிடும். சிக்கல் "என் இடம்" என்பதில்தான். 13 லட்சமாவது இடத்தில் இருப்பவருக்கு அதைச் சொல்ல, அவருக்கு மேலே இருக்கும் 13 லட்சம் பேரை எண்ண வேண்டும்.

ஏன் ஸ்கிப் லிஸ்ட்

ஆகவே பட்டியலை வைத்திருக்கப்போவது ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தின் வரிசைப்படுத்திய கணம். அது உள்ளே இரண்டு அமைப்புகளால் ஆனது. ஒன்று, வீரரின் பெயரைக் கொடுத்தால் புள்ளியைத் தரும் ஹேஷ் அட்டவணை. இன்னொன்று, புள்ளி வரிசையில் நிற்கும் ஸ்கிப் லிஸ்ட். சாதாரணப் பட்டியலுக்கு மேல் அடுக்கடுக்காக விரைவுப் பாதைகள் போட்டதுபோன்ற அமைப்பு அது. வில்லியம் பியூ 1990-இல் வெளியிட்ட யோசனை. ரெடிஸ் அதில் ஒரு சிறு சேர்க்கை செய்திருக்கிறது. ஒவ்வொரு தாவலும் எத்தனை பேரைத் தாண்டுகிறது என்ற எண்ணிக்கையும் அந்தச் சுட்டியிலேயே இருக்கும். தேடிக்கொண்டு போகும் வழியில் அந்த எண்களைக் கூட்டினால் இடம் கிடைத்துவிடும். 20 லட்சம் பேரில் ஒருவரைத் தேடச் சில பத்துத் தாவல்கள் போதும்.

புள்ளிக்குச் சிறிய உச்சவரம்பு இருந்திருந்தால் ஃபென்விக் மரம் இன்னும் சிக்கனமாக இருந்திருக்கும். நமக்கு அந்த வரம்பு இல்லை.

சமநிலை

இரண்டு பேர் 48,250-இல் நின்றால் யார் மேலே? நாம் ஒன்றும் செய்யாவிட்டால் ரெடிஸ் பெயரின் பைட் வரிசையைப் பார்த்து முடிவு செய்யும். இறங்குவரிசையில் அது தலைகீழாகும்: "99" என்ற அடையாள எண் கொண்டவர் "100"-க்கு மேலே நிற்பார், எப்போதும். யாரும் கேட்காத சலுகை அது.

நம் விதி: அந்தப் புள்ளியை முதலில் எட்டியவர் மேலே. அதற்காக நேரத்தையும் புள்ளிக்குள்ளேயே அடைக்கிறோம்.

```
மதிப்பு = புள்ளி × 1000000000 + (999999999 − கடந்த_மி.வி.)
```

கடந்த நேரத்தை வாரத் தொடக்கத்திலிருந்து எண்ணுகிறோம். ஒரு வாரத்தில் 60,48,00,000 மில்லி விநாடிகள் இருப்பதால் ஒன்பது இலக்கம் போதும். 48,250 புள்ளியை 25,00,00,000-ஆவது மில்லி விநாடியில் எட்டியவரின் மதிப்பு 48250749999999. ஒரு விநாடி கழித்து எட்டியவருடையது 48250749998999. சிறிய எண், ஆகவே கீழே. பிட்டுகளை நகர்த்தி அடைத்தால் இடம் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் பிழை தேடுகிறவருக்கு, எண்ணைப் பார்த்ததும் 48250 கண்ணில் பட வேண்டும்.

வரம்பு ஒன்று உண்டு. ரெடிஸ் மதிப்புகளை 64 பிட் மிதவைப் புள்ளி எண்களாக வைக்கிறது. முழு எண்கள் 2^53 வரை, அதாவது 9007199254740992 வரைதான் பிசகாமல் இருக்கும். எனவே ஒரு வீரரின் வாரப் புள்ளி 90 லட்சத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எழுதும் நிரல் மறுத்து எச்சரிக்கை அனுப்பும், ஓசையில்லாமல் எழுதிவிடாது.

முதல் வரைவு இங்கேதான் கவிழ்ந்தது. பழைய மதிப்பைப் படித்து, கூட்டி, திருப்பி எழுத ஒரு லூவா ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். அதற்குள் எண்ணை `tostring` மூலம் சரமாக்கினேன். லூவா 5.1 அதை 14 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். புள்ளி ஒரு லட்சத்துக்குக் கீழே இருக்கும்வரை மதிப்பும் 14 இலக்கத்துக்குள் அடங்கியதால் சோதனைகள் எல்லாம் பச்சை. ஒரு லட்சத்தைத் தாண்டியதும் 15-ஆவது இலக்கம் உதிர்ந்தது. முன்னணி வீரர்களுக்கு மட்டும் நேரம் பத்து மில்லி விநாடிக்குச் சுருண்டது. சண்டை எங்கே அதிகமோ அங்கே மட்டும் பிழை. இரண்டு நாள் தேடினேன்.

இப்போது அந்த ஸ்கிரிப்டே இல்லை:

```
ZADD lb:2025w14 GT 48250749999999 p83121
```

`GT` என்றால் ஏற்கெனவே இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் மாற்று என்று பொருள் (ரெடிஸ் 6.2 முதல்). புள்ளி கூடினால் மதிப்பு கூடும், எழுதப்படும். அதே புள்ளி பிந்திய நேரத்தோடு வந்தால் மதிப்பு சிறிது, தள்ளப்படும். முதலில் எட்டிய நேரம் அப்படியே நிற்கும். ஒரே செய்தி இருமுறை வந்தாலும் வரிசை மாறி வந்தாலும் முடிவு ஒன்றுதான். கூட்டல் கட்டளையில் இந்த நிம்மதி கிடைக்காது.

நேரம் நம் சர்வருடையது, வீரரின் கைபேசியுடையது அல்ல. நம் சர்வர்களின் கடிகாரங்களும் ஒன்றுக்கொன்று சில மில்லி விநாடி பிசகும். அந்தத் துல்லியத்தை யாரிடமும் வாக்குறுதியாகச் சொல்ல வேண்டாம்.

பரிசைப் பகிரும் போட்டிகளில் 1, 2, 2, 4 என்று இடம் காட்ட வேண்டும். அதற்கும் தனி அமைப்பு தேவையில்லை. 48,251 புள்ளியும் அதற்கு மேலும் உள்ளவர்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் போதும்:

```
ZCOUNT lb:2025w14 48251000000000 +inf
```

எழுதும் சுமை

3 லட்சம் நிகழ்வுகளும் ரெடிஸைத் தொடத் தேவையில்லை. நிகழ்வுகள் வீரரின் அடையாள எண்ணை வைத்துப் பிரிக்கப்பட்ட வரிசைகளில் போகின்றன. ஒரு வீரரின் நிகழ்வுகள் எப்போதும் ஒரே பணியாளர் நிரலுக்குத்தான் வரும். அது மொத்தத்தை நினைவில் வைத்திருந்து, விநாடிக்கு ஒருமுறை, மாறியவர்களை மட்டும் எழுதும். 60,000 எழுதல்கள், 500 வீதம் கட்டி அனுப்பினால் 120 பயணங்கள். பணியாளர் செத்துப்போனால் வரிசையைக் கடைசிக் குறியிலிருந்து மறுபடி படிக்கும். பழைய மொத்தங்கள் மீண்டும் வந்தாலும் `GT` அவற்றை உள்ளே விடாது.

மோசடிக்காகப் புள்ளி குறைப்பது மட்டும் விதிவிலக்கு. அந்தத் தண்டனையும் அதே வரிசையில் ஒரு நிகழ்வாகவே வரும், அப்போது மட்டும் `GT` இல்லாமல் எழுதுவோம். நேரடியாக ரெடிஸில் கைவைத்துக் குறைத்தால், பணியாளரின் நினைவில் பழைய மொத்தம் இருக்கும். அடுத்த விநாடியே மோசடிக்காரர் மேலே ஏறிவிடுவார்.

ஒரு வரிசைப்படுத்திய கணம் முழுவதும் ஒரே சர்வரில்தான் இருக்கும், கிளஸ்டர் போட்டாலும் அது தானாக உடைந்து பரவாது. வெளியீட்டுக்கு முன் விநாடிக்கு 1,20,000 எழுதல்களோடு சுமைச் சோதனை. தாங்காவிட்டால் எட்டுக் கணங்களாகப் பிரிப்போம்: முதல் 100-க்கு எட்டிலிருந்தும் நூறு நூறு எடுத்துக் கலக்க வேண்டும், இடத்துக்கு எட்டு `ZCOUNT` விடைகளைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வாசிப்பும் எட்டு மடங்காகும். கட்டாயம் வரும்வரை அதைத் தொட விருப்பமில்லை.

வாசிப்பு

முதல் 100 பட்டியலை ஒவ்வொரு சர்வரும் ஒரு விநாடி தன்னிடமே வைத்துக்கொள்ளும். "என் இடம்" கேட்கும்போது மட்டும் கணக்கிடப்படும்.

வார முடிவு

நிகழ்வு எந்த வாரத்தில் நடந்ததோ அந்த வாரத்தின் கணத்துக்கே போகும், எப்போது வந்து சேர்ந்தாலும். எல்லை கடந்து ஐந்து நிமிடம் காத்திருந்து பட்டியலை முடக்குவோம், பரிசுக்குரிய முதல் 1,000 பேரைத் தரவுத்தளத்தில் எழுதுவோம். பழைய கணம் 14 நாள் கழித்துப் போகும், `DEL` அல்ல, `UNLINK` மூலம். 20 லட்சம் உறுப்பினர்களை `DEL` அழித்து முடிக்கும்வரை மற்ற கட்டளைகள் எல்லாம் வாசலில் காத்திருக்கும்.